ரிப்போர்ட் வந்துவிட்டது, இனி வைவா

வைவா, அதாவது பி.எச்.டி. வாய்மொழித் தேர்வின் தேதி நெருங்கும்போது ஆய்வு மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான். என்ன கேட்பார்கள்? தெரியாததைக் கேட்டால் என்ன செய்வது? இவ்வளவு வருட உழைப்புக்குப் பிறகு எல்லார் முன்னாலும் வைத்து வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களா? நான் வேதியியல்காரன். தமிழ்நாட்டில் நெறியாளராகவும் புறத்தேர்வாளராகவும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறையில் உண்மையில் என்ன நடக்கிறது, எதைப் பார்க்கிறார்கள் என்பதை விவரமாகச் சொன்னால் பயத்தில் பாதி போய்விடும் என்பது என் நம்பிக்கை. மீதிப் பாதிக்குப் படிக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இணையத்தில் வைவா பற்றித் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி பிரிட்டனில் எழுதப்பட்டது. அங்கே வைவா மூடிய அறையில் நடக்கும். உள்தேர்வாளர் ஒருவர், வெளித்தேர்வாளர் ஒருவர், சில பல்கலைக்கழகங்களில் தனியாக ஒரு தலைவர். பார்வையாளர்கள் கிடையாது. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கேட்பார்கள். அது முடிந்த பிறகுதான் சிறு திருத்தமா, பெரிய திருத்தமா, மறுபடியும் எழுதித் தர வேண்டுமா என்ற முடிவு வரும். அதைப் படித்துவிட்டு நம் மாணவர்கள் தங்களுக்கும் அப்படித்தான் என்று எண்ணி நடுங்குகிறார்கள். நெதர்லாந்தில் நிலைமை இதற்கு நேர் எதிர். அங்கே எல்லார் முன்னிலையிலும் சடங்குபோல நடக்கும், குறித்த நேரம் முடிந்ததும் பல்கலைக்கழக அலுவலர் கோலோடு வந்து நேரம் முடிந்தது என்று லத்தீனில் அறிவித்துவிடுவார். ஆக, வைவா என்ற ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு வேறு தேர்வுகள் இருக்கின்றன. உங்களுடையது எது என்று தெரியாமல் தயாராவதில் பயனில்லை.

நம்முடையது பொது வாய்மொழித் தேர்வு. அதன் அடிப்படை விதிகள் பல்கலைக்கழக மானியக் குழுவின் பி.எச்.டி. நெறிமுறைகளில் இருக்கின்றன. கடைசியாக 2022 நவம்பரில் வந்தவைதான் இப்போது நடைமுறையில் உள்ளவை. அதன்படி உங்கள் ஆய்வேட்டை நெறியாளரும், உங்கள் நிறுவனத்தில் வேலை பார்க்காத குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்களும் மதிப்பிட வேண்டும். முடிந்தால் அவர்களில் ஒருவர் வெளிநாட்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. இரண்டு புறத்தேர்வாளர்களும் ஆய்வேட்டை ஏற்கலாம் என்று பரிந்துரைத்த பிறகுதான் வைவாவே நடத்த முடியும். ஒருவர் நிராகரித்தால் ஆய்வேடு இன்னொரு தேர்வாளருக்குப் போகும். அவர் ஏற்றால்தான் வைவா. அவரும் வேண்டாம் என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும், வைவா என்று ஒன்று நடக்கவே நடக்காது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு வைவா தேதி வந்திருக்கிறது என்றாலே, உங்களுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பேர் உங்கள் முழு ஆய்வேட்டையும் படித்துப் பட்டத்துக்குத் தகுதி என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வேடு தேறுமா தேறாதா என்ற பெரிய கேள்வி அந்த அறிக்கைகளிலேயே தீர்ந்துவிட்டது. அப்படியானால் வைவாவில் இன்னும் என்ன பாக்கி? இரண்டு விஷயம் பாக்கி. இந்த வேலையைச் செய்தது நீங்கள்தானா என்பது ஒன்று. செய்ததன் எல்லை எதுவரை என்று உங்களுக்குத் தெரிகிறதா என்பது இன்னொன்று. வைவாவில் வரும் எல்லாக் கேள்வியும், எவ்வளவு சுற்றி வளைத்து வந்தாலும், இந்த இரண்டில் ஒன்றில் போய் முடியும்.

அதற்காக அது வெறும் சம்பிரதாயம் என்று சொல்ல மாட்டேன். சீனியர்கள் சிலர் அப்படிச் சொல்வார்கள், நம்பாதீர்கள். வந்த தேர்வாளருக்குத் திருப்தி இல்லையென்றால் திருத்தம் செய்துவிட்டு வா என்று சொல்லலாம், வைவாவை இன்னொரு நாள் மறுபடி நடத்தச் சொல்லவும் பல பல்கலைக்கழக விதிகளில் இடம் இருக்கிறது. தன் அட்டவணையில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத மாணவருக்குக் கையெழுத்துப் போட எந்த நேர்மையான தேர்வாளருக்கும் மனம் வராது.

சரி, தயாரிப்புக்கு வருவோம். உங்கள் முதல் பாடப்புத்தகம் தேர்வாளர்களின் அறிக்கைகள். வைவாவைக் கூட்டும் பொறுப்பு பெரும்பாலும் நெறியாளருடையது, அதனால் பல்கலைக்கழகத்திலிருந்து அறிக்கைகள் அவரிடம் வரும். அவரிடம் கேட்டு வாங்கி, தேர்வாளர்கள் எழுப்பிய ஒவ்வொரு குறிப்பையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் சில வெறும் திருத்தங்களாக இருக்கும். படம் 4இல் அலகு விட்டுப்போயிருக்கிறது, மேற்கோள் பட்டியலில் ஒரு பெயர் இல்லை, இந்த மாதிரி. இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை, திருத்திவிட்டுப் பக்க எண்ணைக் குறித்துவையுங்கள். வேறு சில விளக்கம் கேட்பவை. ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன் இத்தனை மாதிரிகள் என்பவை. இவைதான் வைவாவின் உயிர். கேள்விக்குறி போடாமல், 'இதை மாணவர் தெளிவுபடுத்தினால் நன்று' என்று பணிவாக எழுதியிருப்பார்கள். அதையும் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வைவாவுக்கு நேரில் வருபவர் இரண்டு புறத்தேர்வாளர்களில் ஒருவர்தான் என்பது வழக்கம். விதி கேட்பதும் குறைந்தது ஒருவரை. இணையவழியில் நடத்தவும் அனுமதி உண்டு. வராத மற்றவருடைய கேள்விகளைத் தேர்வின்போது வாசித்து உங்களிடம் பதில் கேட்பார்கள். அதனால் வருகிறவரின் கேள்விகளுக்கு மட்டும் தயாராகிப் போகாதீர்கள். வெளிநாட்டுத் தேர்வாளர் பத்துக் கேள்வி எழுதி அனுப்பியிருக்க, மாணவர் அதை ஒரு முறைகூட வாசிக்காமல் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். கேள்விகள் ஒன்றும் கஷ்டமானவை இல்லை. முதல் நாளே பார்த்திருந்தால் அவரே அழகாகச் சொல்லியிருப்பார்.

இனி ஒரு வைவாவை உள்ளே போய்ப் பார்ப்போம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன், எண்களையும் கணக்குக்கு எளிதாக அமைத்துக்கொள்கிறேன். வேதியியல் மட்டும் மாறாது. மாணவியின் தலைப்பு, தருமபுரிப் பக்கத்துக் கிணற்று நீரில் ஃபுளோரைடு. அந்த மாவட்டத்தின் பாறைகளில் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் அதிகம், பற்களில் கறை விழுந்த குழந்தைகளை அங்கே தலைமுறையாகப் பார்த்துவருகிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. இந்த மாணவி 60 கிணறுகளில் மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் நீர் எடுத்து, ஃபுளோரைடோடு மற்ற முக்கிய அயனிகளையும் அளந்திருந்தார்.

அவர் பேசியது முக்கால் மணி நேரத்துக்குள். அது நல்ல அளவு. தேர்வாளர் ஆய்வேட்டைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார், அவருக்கு முழுக்கதையும் மறுபடி தேவையில்லை. ஆனால் அறையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் படிக்கவில்லை. அவர்களுக்குக் கேள்வி என்ன, எப்படித் தேடினீர்கள், என்ன கிடைத்தது என்பது புரிந்தால் போதும். முந்தைய ஆய்வுகளைப் பற்றியே இருபது ஸ்லைடு ஓட்டுபவர்களுக்குச் சொந்த முடிவுகளைச் சொல்ல வரும்போது நேரம் தீர்ந்துபோகும். அப்புறம் கேள்வி நேரத்தில் தேர்வாளர் அதையே மறுபடி கேட்க வேண்டியதாகிறது.

முதல் கேள்வி முறையைப் பற்றியது. ஃபுளோரைடை மின்முனை கொண்டு அளந்திருக்கிறீர்கள், ஒவ்வொரு மாதிரியிலும் டிஸாப் கரைசல் சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், அது எதற்கு? இதைப் பார்த்தால் பாடப்புத்தகக் கேள்வி மாதிரி தெரியும். தேர்வாளர் இதைக் கேட்பதற்குக் காரணம் வேறு. ஆய்வகத்தில் நின்று கையால் செய்தவருக்கும், மாதிரிகளை வெளியே ஏதாவது ஆய்வகத்தில் கொடுத்து எண்களை மட்டும் வாங்கியவருக்கும் வித்தியாசம் இந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும். மாணவி நிதானமாகச் சொன்னார்: எல்லா மாதிரியிலும் உப்பின் மொத்தச் செறிவு ஒரே அளவில் இருந்தால்தான் மின்முனையின் அளவீடுகளை ஒப்பிட முடியும், அமிலத்தன்மையும் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும், அதோடு அலுமினியமும் இரும்பும் பிடித்துவைத்திருக்கும் ஃபுளோரைடை விடுவிக்க வேண்டும், அது இல்லாவிட்டால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சொல்லிவிட்டு, முதல் மாதம் மின்முனை நிலைகொள்ளக் காத்திருக்க வேண்டிய நேரம் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்தார். தேர்வாளர் முகம் மலர்ந்தது அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான். காத்திருந்தவர்தான் அதைச் சொல்வார்.

வேலையை வெளியே கொடுத்துச் செய்வதில் தவறில்லை, பல கருவிகள் நம் துறைகளில் கிடையாது. அப்படியென்றால் அதை ஆய்வேட்டிலும் வாயாலும் சொல்லிவிடுங்கள். கருவியை இயக்கியது அவர்கள், மாதிரியைத் தயார் செய்தது நான், சரிபார்க்க இன்ன மாதிரியை இரண்டு முறை அனுப்பினேன் என்று சொன்னால் அது முழுமையான பதில்.

அடுத்ததுதான் அன்றைய தேர்வின் மையம். தேர்வாளர் பின்னிணைப்பைத் திறந்து அட்டவணையில் ஒரு கிணற்றின் வரியில் விரலை வைத்தார். இந்த வரிக்கு மின்சுமைச் சமநிலை பார்த்தீர்களா அம்மா என்று கேட்டார். நீர் ஆய்வில் இது பழைய, நம்பகமான சோதனை. நீரில் நேர்மின் அயனிகளின் மொத்தச் சுமையும் எதிர்மின் அயனிகளின் மொத்தச் சுமையும் சமமாக இருந்தாக வேண்டும். ஒவ்வொரு அயனியின் மில்லிகிராம் அளவையும் அதன் சமான எடையால் வகுத்து, இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. தாண்டினால் ஏதோ ஒரு அளவீடு தவறு, அல்லது ஏதோ ஒரு அயனி விட்டுப்போயிருக்கிறது. தேர்வாளர்கள் இரவு விடுதி அறையில் உட்கார்ந்து இரண்டு மூன்று வரிகளுக்கு இதைப் போட்டுப் பார்ப்பது சகஜம். நானும் செய்வதுண்டு.

மாணவி பலகைக்குப் போனார். கால்சியம் 40, அதை 20ஆல் வகுக்க 2. மக்னீசியம் 24.3, அதை 12.15ஆல் வகுக்க 2. சோடியம் 115, அதை 23ஆல் வகுக்க 5. பொட்டாசியம் 3.9, அதில் 0.1. கூட்டினால் 9.1. அடுத்து எதிர்ப்பக்கம். பைகார்பனேட் என்ற தலைப்பின் கீழ் 300 என்று இருந்தது, 61ஆல் வகுக்க 4.92. குளோரைடு 71, அதில் 2. சல்பேட் 24, அதில் 0.5. நைட்ரேட் 12.4, அதில் 0.2. ஃபுளோரைடு 3.8, அதில் 0.2. கூட்டினால் 7.82. வித்தியாசம் 1.28, இரண்டு பக்கத்தின் கூட்டுத்தொகையான 16.92ஆல் வகுத்தால் 7.6 சதவீதம். எல்லையைத் தாண்டிவிட்டது. அறையில் பேச்சு நின்றது.

இப்படி ஒரு நிலையில்தான் மாணவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுவார்கள். ஒன்று, கருவிப் பிழையாக இருக்கலாம் சார் என்று ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பது. எந்தக் கருவி, எவ்வளவு பிழை என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் இருக்காது. மற்றது, ஸாரி சார் என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றுவிடுவது. இந்த மாணவி ஒரு நிமிடம் டைம் கொடுங்கள் சார் என்று கேட்டார். யாரும் மறுக்க மாட்டார்கள், தயங்காமல் கேளுங்கள். பிறகு அவர் அட்டவணையைப் பார்த்தபடி வாய்விட்டு யோசித்தார். குறைவது எதிர்மின் பக்கம். அங்கே பெரிய எண் பைகார்பனேட்தான். அதைத் தரம்பார்த்தலில் காரத்தன்மையாகக் கண்டுபிடித்தோம், ஆய்வகக் குறிப்பேட்டில் காரத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் அளவாகத்தான் எழுதுவோம். அந்த 300 அப்படியே பைகார்பனேட் தலைப்புக்குக் கீழே வந்திருக்கிறதோ? அப்படியானால் 61ஆல் வகுக்கக் கூடாது, கால்சியம் கார்பனேட்டின் சமான எடையான 50ஆல் வகுக்க வேண்டும். 300ஐ 50ஆல் வகுத்தால் 6. எதிர்ப்பக்கம் 8.9 ஆகிறது. வித்தியாசம் 0.2, கூட்டுத்தொகை 18, பிழை 1.1 சதவீதம்.

தேர்வாளர் சிரித்துவிட்டார். அவர் இரவே அதைக் கண்டுபிடித்துவைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. பைகார்பனேட்டாக எழுதினால் அந்த எண் 366 என்று இருக்க வேண்டும், தலைப்பை மாற்றுங்கள் அல்லது எண்ணை மாற்றுங்கள் என்றார். உடனே அடுத்த கேள்வி, அதுதான் கூர்மையானது: இந்தப் பிழையால் உங்கள் முடிவுகளில் எது மாறும்? மாணவி யோசித்துச் சொன்னார். பைகார்பனேட்டுக்கும் ஃபுளோரைடுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் கெழு மாறாது, ஏனென்றால் எல்லா எண்ணும் ஒரே விகிதத்தில்தான் கூடும். நீரின் வகையைக் காட்டும் வரைபடத்தில் புள்ளிகள் கொஞ்சம் நகரும், அந்தப் படத்தை மறுபடி போட வேண்டும், சில கிணறுகளின் வகைப்பெயர் மாறினாலும் மாறலாம். பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று நிறுத்திக்கொண்டார்.

தேர்வு அந்த நிமிடத்தில் முடிந்துவிட்டது என்றே சொல்வேன். ஆய்வேட்டில் பிழை இருந்தது உண்மை. ஆனால் எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒருவரால்தான் பலகையில் நின்று அதைத் தேடிப் பிடிக்க முடியும். அது எதைப் பாதிக்கும், எதைப் பாதிக்காது என்று பிரித்துச் சொல்லவும் அவரால்தான் முடியும். நீங்கள் வேறு துறையாக இருந்தாலும் இதற்கு இணையான ஒன்று உங்களிடமும் இருக்கும். இலக்கிய ஆய்வென்றால் மேற்கோளின் பாடம் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, இரண்டு பதிப்பில் சொல் வேறாக இருந்தால் எதை எடுத்தீர்கள், ஏன் என்று கேட்பார்கள். களஆய்வென்றால் பேட்டி கொடுத்தவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், மறுத்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரியானவர்களா என்று கேட்பார்கள். வைவாவுக்கு முந்தைய வாரத்தில் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். உங்கள் அட்டவணைகளில் ஏதோ ஒரு வரியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, குறிப்பேடு வரை பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். போகிற வழியில் எங்காவது தட்டினால் அது வைவாவுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

பிறகு வந்தது எல்லையைப் பற்றிய கேள்வி. மழைக்குப் பிறகு நீர் பெருகினால் ஃபுளோரைடு நீர்த்துப் போகும் என்றுதான் எதிர்பார்ப்போம். சில கிணறுகளில் கூடியிருக்கிறதே, ஏன்? மாணவிக்கு ஒரு விளக்கம் இருந்தது. கோடையில் மேல்மண்ணில் ஆவியாகிப் படிந்த உப்புகளை முதல் மழை கரைத்துக் கீழே இறக்குகிறது. அந்த நீரில் பைகார்பனேட் அதிகமாக இருந்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும், கால்சியம் குறைந்தால் ஃபுளோரைடு உள்ள கனிமம் இன்னும் கரையலாம். நல்ல விளக்கம், அறிவியலுக்குப் பொருந்துகிறது. ஆனால் தேர்வாளர் விடவில்லை. இதை நீங்கள் காட்டியிருக்கிறீர்களா, ஊகிக்கிறீர்களா என்றார். மாணவி சொன்ன பதில் இது: கால்சியம் குறைந்த கிணறுகளில் ஃபுளோரைடு கூடியிருப்பதைக் காட்டியிருக்கிறேன். மேல்மண் உப்பிலிருந்து வருகிறது என்பதைக் காட்டவில்லை, அதற்கு மண் மாதிரிகளும் எடுத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டே முறை நீர் எடுத்ததால் முதல் மழைக்கு அடுத்த வாரம் என்ன நடந்தது என்பதும் என்னிடம் இல்லை.

'என்னிடம் இல்லை' என்று சொல்ல மாணவர்கள் மிகவும் பயப்படுகிறார்கள். அதைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்ற எண்ணம் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது. வைவாவில் மதிப்பெண் கிடையாது. தேர்வாளர் தேடுவது, காட்டியதையும் ஊகித்ததையும் நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்களா என்பதைத்தான். ஒரே ஒரு நிபந்தனை: தெரியாது என்பதோடு நிற்காமல், தெரிந்துகொள்ள என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் தலைப்புக்குள்ளேயே இருக்கும் அடிப்படையைத் தெரியாது என்றால் அது வேறு விஷயம், அதற்கு மன்னிப்பு கிடைக்காது.

பொது வாய்மொழித் தேர்வு என்பதால் அறையில் இருக்கும் யாரும் கேட்கலாம். ஒரு பேராசிரியர் எழுந்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில்தான் காவிரித் தண்ணீர் வந்துவிட்டதே, இனி இந்தக் கிணறுகளைப் பற்றி ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்டார். இந்த மாதிரிக் கேள்வியில் மாணவர்கள் உணர்ச்சிவசப்படுவார்கள், தன் உழைப்பையே குறைசொல்வதுபோலத் தோன்றும். மாணவி நிதானம் இழக்கவில்லை. நீர் எடுக்கப் போன இடங்களில் சமையலுக்கும் மாட்டுக்கும் வயலுக்கும் கிணற்று நீரைப் பயன்படுத்துவதைப் பார்த்தேன், ஆனால் எத்தனை வீடுகள், எவ்வளவு என்று கணக்கெடுக்கவில்லை, அதனால் மக்களின் உடலில் சேரும் அளவைப் பற்றி ஆய்வேட்டில் நான் எதுவும் சொல்லவில்லை என்றார். தலைப்பு நீரைப் பற்றியது, மக்களின் உடல்நலத்தைப் பற்றியது இல்லை என்பதை அவர் மறக்காமல் இருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஆய்வேடு சொல்லாததைக் கேள்வி நேரத்தில் சொல்லிவிட்டு, பிறகு அதைக் காப்பாற்ற முடியாமல் மாட்டிக்கொள்பவர்கள் பலர்.

நெறியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவர் திணறும்போது உங்களுக்குப் பதில் தெரியும், நாக்கு துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நெறியாளர் இடையில் புகுந்து பதில் சொன்னால், மாணவருக்குத் தெரியாது என்பதைத் தேர்வாளரிடம் நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். கேள்வி மாணவருக்குப் புரியவில்லை என்று தோன்றினால், சார் கேட்பது இதைத்தான் என்று கேள்வியை மட்டும் எளிமையாக்கிக் கொடுக்கலாம். மொழியும் ஒரு தடைதான். ஆங்கிலத்தில் தடுமாறுகிற மாணவர், தமிழ் தெரிந்த தேர்வாளரிடம் இந்த ஒரு பதிலைத் தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டபோது, நான் இருந்த வாரியங்களில் அனுமதித்திருக்கிறோம். தமிழில் சொன்னதும் அதுவரை மறைந்திருந்த தெளிவு வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்விகள் தீர்ந்ததும் உங்களையும் பார்வையாளர்களையும் வெளியே இருக்கச் சொல்வார்கள், அல்லது வாரியம் பக்கத்து அறைக்குப் போகும். அந்த இடைவெளியில் மாணவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். உள்ளே நடப்பது பெரும்பாலும் எழுத்து வேலைதான். தேர்வு எப்படி நடந்தது, என்ன கேட்கப்பட்டது, பதில் திருப்தியா என்று அறிக்கை எழுதி, வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியலோடு சேர்த்து அனுப்ப வேண்டும். நேரம் ஆகிறதே, ஏதோ தகராறு என்று எண்ண வேண்டாம். பிறகு கூப்பிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவிப்பார்கள். அந்தச் சொல்லைக் கவனியுங்கள், வாரியம் பரிந்துரைக்கத்தான் செய்கிறது. பல்கலைக்கழகம் அதை ஏற்று அறிவித்த பிறகுதான் பட்டம். விண்ணப்பங்களில் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போடுவதற்கு அந்த அறிவிப்பு வரும்வரை பொறுங்கள். ஆய்வேடு ஒப்படைத்ததிலிருந்து வைவா முடிவு வரை எல்லாமே ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று 2022 நெறிமுறை சொல்கிறது. நடைமுறையில் அறிக்கை வருவதற்குள்ளேயே அதைத் தாண்டிவிடும் இடங்கள் உண்டு. அது உங்கள் ஆய்வேட்டின் தரத்தைப் பற்றிய செய்தி இல்லை, தேர்வாளரின் மேசையில் இருக்கும் மற்ற ஆய்வேடுகளைப் பற்றியது.

வைவா முடிந்த மகிழ்ச்சியில் பலர் கோட்டை விடுவது திருத்தத்தை. அறையில் சொன்ன திருத்தங்களை அன்றைக்கே ஒரு நண்பரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பதில் சொல்லிக்கொண்டிருக்கும் உங்களால் முடியாது. ஏனென்றால் கடைசியில் கொடுக்கும் மின்பிரதி ஷோத்கங்கா களஞ்சியத்தில் ஏறிவிடும், நாட்டில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். அந்த மாணவி 60 கிணறுகளுக்கும் இரண்டு பருவத்துக்கும் பைகார்பனேட் எண்களை மாற்றி, வரைபடத்தை மறுபடி போட்டார். இரண்டு கிணறுகளின் வகைப்பெயர் மாறியது. அதற்கேற்ப நான்காம் இயலில் ஒரு பத்தியைத் திருத்தி, மாற்றங்களின் பட்டியலோடு நெறியாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகே மின்பிரதியை ஒப்படைத்தார்.